இந்த மாதத்தை மட்டும் பார்த்தவன்

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, ஏல மையத்தில் தட்டில் வைத்த காயைத் தொட்டு, நசுக்கி, முகர்ந்து பார்த்து அன்றைக்குப் போகிற விலை. இன்னொன்று, கம்ப்யூட்டரில் ஓடுகிற முன்பேர விலை. அடுத்து வரும் ஒரு தேதிக்குக் காயைக் கொடுக்கிறேன், வாங்குகிறேன் என்று இன்றைக்கே பேசி வைப்பது. நான் வேலை பார்த்தது இரண்டாவது விலை ஓடுகிற இடத்தில். பஜாரில் மாடிப்படி ஏறிப் போனால் ஒரு ஹால், நாலு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் டிஸ்பென்சர். புரோக்கர் ஆபீஸ் என்பார்கள். வாடிக்கையாளர் போனில் சொல்கிற ஆர்டரை அடிப்பது என் வேலை.

அதற்கு முன் நான் பார்க்காத வேலை குறைவு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. வைகை அணையில் மீன் வறுத்தேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப் ஓட்டினேன். ஒரு விபத்தில் இடது முழங்கால் போனபிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. இடையில் இரண்டு வருடம் ஒரு மாட்டுத் தரகரோடு சந்தை சந்தையாகத் திரிந்தேன். அந்த இரண்டு வருடம்தான் எனக்குப் புரோக்கர் ஆபீசில் சோறு போட்டது.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஓப்பன் இன்ட்ரஸ்ட், சுருக்கமாக ஓ.ஐ., என்பதை முதலாளி எனக்கு முதல்முறை விளக்கியபோது, 'இது துண்டுக் கணக்கு' என்றுதான் புரிந்துகொண்டேன். எத்தனை பேர வியாபாரம் இன்னும் முடியாமல் நிற்கிறது என்கிற எண்ணிக்கைதான் அது. ஒரு துண்டுக்குள் ஒரு வாங்குகிற கை, ஒரு விற்கிற கை. கைகளை எண்ணக் கூடாது, துண்டுகளை எண்ண வேண்டும். புதிதாக இரண்டு பேர் வந்து கைகோத்தால் ஒரு துண்டு கூடும். பழைய ஆட்கள் இருவரும் கையை உருவிக்கொண்டால் ஒன்று குறையும். ஒருவன் உருவி அவன் இடத்தில் புது ஆள் கைவைத்தால் எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

இதை நான் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் சாயங்காலம் சாயங்காலம் பேசி அனுப்பினேன். முதலாளி சொன்னது, "இன்னிக்கு விலை இவ்வளவு, ஓ.ஐ. இவ்வளவுன்னு நம்பர மட்டும் சொல்லு. வாங்கு, வில்லுன்னு சொல்றதுக்கு நமக்கு லைசென்ஸ் கெடயாது." நான் வாங்கு, வில் என்று சொல்லவில்லை. ஆனால் அர்த்தம் சொன்னேன். விலையும் ஏறுது, துண்டும் கூடுதுன்னா புது ஆளு துட்டோட வர்றான், ஏத்தத்துல உசுரு இருக்கு. விலை இறங்கையில துண்டு கூடுனா, இன்னும் இறங்கும்னு நம்பி புதுசா விக்கிறவன் வந்து நிக்கிறான், சாக்கிரதை. ரெண்டும் சேந்து இறங்குனா வாங்கி வச்சவன் வெறுத்துப் போயி வித்துட்டு ஓடுறான். அந்த ஓட்டம் முடிஞ்சா இறக்கமும் ஓயலாம். விலை ஏறி துண்டு கொறஞ்சா மட்டும் சந்தோசப்படாதீக. ஏற்கெனவே வித்தவன் பயந்துபோயி திரும்ப வாங்குறான், அவ்வளவுதான். அவன் வாங்கி முடிச்சதும் தாங்கிப் பிடிக்க ஆளிருக்காது.

இதெல்லாம் தப்பில்லை. இப்படி இருக்கலாம் என்பதைத் தாண்டி இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது, அவ்வளவே. அந்த 'லாம்' போகப் போக என் பேச்சிலிருந்து கழன்று போனது. ஆட்கள் என்னை 'துண்டுக்காரரே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள், பட்டம் படித்தவர்கள், என்னிடம் வந்து "இன்னிக்குத் துண்டு எப்படி?" என்று கேட்டார்கள். ஒன்பதாவது படித்தவனுக்கு அது என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் டீச்சரம்மா. கம்பம் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஊர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். மலைமேல் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். கணவர் இறந்தபிறகு தோட்டத்தைத் தானே பார்க்கிறார். முன்பேரத்தில் வாங்குவதோ விற்பதோ கிடையாது; அந்த விலையைப் பார்த்துத் தன் காயை எப்போது ஏலத்துக்குக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்வதற்காகக் குரூப்பில் இருந்தார். இன்னொருவன் என் தங்கச்சி வீட்டுக்காரன். தேவதானப்பட்டிக்காரன். மலைமேல் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். அவனும் காயை மூட்டையில் கட்டி வைத்துக்கொண்டு, விற்பதா வைத்திருப்பதா என்று தினமும் எனக்குப் போன் பண்ணுவான்.

அந்த வாரம் விலை நாலு நாளாக ஏறிக்கொண்டே இருந்தது. ஓ.ஐ. நாலு நாளாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் காலை போடியில் ஏலம். அதற்கு முந்தின சாயங்காலம் மைக்கை அழுத்திப் பேசினேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது என்பது நினைவிருக்கிறது.

"விலை ஏறுது, துண்டு கொறையுது. இந்த ஏத்தம் வெறும் காத்து. வித்தவன் திரும்ப வாங்குறான், புது ஆளு ஒருத்தன் வரல. கையில காய் வச்சிருக்கவுக நல்லா யோசிங்க."

டீச்சரம்மா போன் பண்ணினார். "தம்பி, நெசமாவே காத்துதானா? நான் கிறிஸ்மஸ் வரைக்கும் வச்சிருக்கலாம்னு பாத்தேன். இந்த வருசக் காய் முழுசும் அதுதான். வித்துட்டா அப்புறம் ஏறுதேன்னு கெடந்து பொலம்ப முடியாது பாரு."

"டீச்சர், புது ஆளு வராம எங்கன ஏறும்? துண்டு சொல்லுது."

"அப்ப நாளைக்கு லாட்டப் போட்டுர்றேன்" என்றார். லாட் என்றால் ஏலத்துக்கு ஒன்றாக வைக்கிற ஒருவருடைய காய். அவர் மூட்டைகள் போடி கிடங்கில்தான் இருந்தன. தங்கச்சி வீட்டுக்காரனும் போட்டான். குரூப்பில் இன்னும் சிலர் கட்டைவிரல் பொம்மை போட்டார்கள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். முதலாளி மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். முதல் போன் கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கத்து வியாபாரி ஒருவருடையது. பாதி மலையாளம், பாதி தமிழ் பேசுகிறவர்.

"சேட்டா, நம்ம வாங்கிப் போட்டது முழுசும் அடுத்த மாசத்துக்குத் தள்ளணும். இனி வச்சா டெலிவரி எடுக்கணும், மார்ஜினும் கூட்டிட்டானே."

கெடு வரை வைத்திருந்தால் காயையே எடுத்தாக வேண்டும்; கட்டி வைக்கிற மார்ஜின் பணமும் கூடும். தள்ளுவது என்றால் இரண்டு ஆர்டர். முடியப்போகிற இந்த மாத ஒப்பந்தத்தை விற்றுவிட்டு அடுத்த மாத ஒப்பந்தத்தை வாங்க வேண்டும். சாதாரண வேலை. இந்த மாதத்தில் அடித்தேன். அடுத்த மாதத்தில் அடித்தேன். அடித்த கையோடு அடுத்த மாதத்து வரியில் ஓ.ஐ. என்ன என்று கண் போனது. ஏன் போனது என்று தெரியாது. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை, அன்றைக்குப் போனது.

அது வீங்கிக் கிடந்தது.

இரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்தேன். நாலு நாளும் மொத்தம் கூடித்தான் இருந்தது. இந்த மாதத்தில் குறைந்ததைவிட அடுத்த மாதத்தில் கூடியது அதிகம். அதாவது பழைய ஆட்கள் ஓடிப்போகவில்லை. கெடு நெருங்குகிறதென்று அடுத்த மாதத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள். அதுபோக, புது ஆட்களும் வந்திருக்கிறார்கள். விலை ஏற்றம், மொத்த ஓ.ஐ.யும் ஏற்றம். நான் சொன்னதற்கு நேர் எதிர்.

சந்தைக் கணக்கில் சொன்னால், வெயிலுக்காக இந்த வேப்பமரத்தடியிலிருந்து அந்தப் புளியமரத்தடிக்குப் போனவர்களை, நான் வேப்பமரத்தடியை மட்டும் பார்த்து, சந்தை கலைந்துவிட்டது என்று ஊருக்குத் தண்டோரா போட்டிருந்தேன். போகட்டும், தெரியாதவன் செய்கிற தப்பு. ஆனால் அந்த நாலு நாளும் தள்ளுகிற ஆர்டர்களை அடித்தது யார்? என் கைதான். காலையில் நானே ஆட்களை மரம் மாற்றி உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் ஆளைக் காணோம் என்று மைக்கில் பேசியிருக்கிறேன்.

ஏலம் தொடங்கும் நேரம். என் கையில் போன் இருந்தது. குரூப்பில் இரண்டு வரி போட்டிருந்தால் போதும். 'நேத்து சொன்னது தப்பு. லாட்டை நிறுத்துங்க.' விரல் அங்கே போய் நின்றது. அதற்குக் கீழே வரப்போகிற கேள்விகள் கண்ணில் தெரிந்தன. ஏன் தப்பு, எப்படித் தப்பு, இது கூடத் தெரியாதா. நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு ஏல மையத்துக்குப் போனேன். நேரில் சொல்வது நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே வியாபாரிகள் வரிசையாகத் தங்கள் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் தட்டு கைமாறும். ஆள் ஒரு காயை எடுத்துப் பிளந்து பார்த்துவிட்டு மிச்சத்தைத் தள்ளுவார். தரையெல்லாம் ஏலக்காய். மிதித்தால் மணம். காய்க்காரர்கள் பின்னால் நின்றார்கள். டீச்சரம்மா முன்பக்கத் தூண் ஓரமாக, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். தங்கச்சி வீட்டுக்காரன் வாசல் பக்கம் இருந்தான்.

என் கால் வாசல் பக்கம் நின்றுவிட்டது.

"மாப்ள, லாட்ட வாபஸ் வாங்கு."

"என்ன மச்சான், நேத்து நீங்கதான..."

"நேத்து தப்பாப் பாத்துட்டேன். இது நெச ஏத்தம். மொதல்ல போயி நிறுத்து, பெறகு பேசு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு உதடு லேசாக விரிந்தது. அது என்ன சிரிப்பு என்று எனக்கு அப்போது புரியவில்லை. விறுவிறுவென்று போய் ஏலம் நடத்துகிற மேஜைக்காரரிடம் சொல்லி, தன் லாட் கூப்பிடுவதற்கு முன்பே எடுத்துவிட்டான். அவன் திரும்பி வருவதற்குள் திரையில் டீச்சரம்மாவின் லாட் முடிந்திருந்தது. நான் தூணை நோக்கி நாலு எட்டு வைத்திருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், வாபஸ் சொல்லிவிட்டு வருகிற அவனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கணக்கு டீச்சர். கூட்டிப் பார்க்க நேரமாகவில்லை.

நான் இன்னும் கிட்டப் போகவில்லை. வணக்கம் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குக் குரூப்பை நம்பிக் காய் போட்ட இன்னும் இரண்டு பேருடையதும் விற்றுப்போனது.

விலை ஏறியது. அது ஏறாமலும் போயிருக்கலாம், மொத்த ஓ.ஐ. கூடியிருப்பது சத்தியப் பத்திரமில்லை. ஆனால் ஏறியது. டீக்கடையில் எனக்கு இடம் விட்டார்கள், ஆனால் பேச்சு நின்றுபோனது. மூன்றாம் நாள் ஒரு ஜீப் டிரைவர், என்னோடு பழைய காலத்தில் மெட்டு ஏறியவன், கிளாசை வைத்துவிட்டுச் சொன்னான்.

"ஏலே, உன்னையப் போயி மொடவன்னு பாவப்பட்டோமே. ஊரு பூராத்தையும் விக்க வச்சுட்டு மச்சினன் மூட்டைய மட்டும் பத்திரமா எறக்கி வச்சுட்டியாம்ல!"

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? உன் மாப்ளயே பெருமையாச் சொல்லிட்டுத் திரியுறான்."

தங்கச்சி வீட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். சத்தம் போட்டேன். அவனுக்கு நான் ஏன் சத்தம் போடுகிறேன் என்று புரியவில்லை. "விடுங்க மச்சான், எங்கிட்ட எதுக்கு? மொத நாளு அப்படிப் பேசி, மறுநாளு இப்படிப் பண்ணுனீக பாருங்க. எனக்கே தெரியாம செஞ்சீகளே. உங்களுக்குப் படிப்பு இல்லேன்னு எவன் சொன்னது?" என்றான். தங்கச்சி பின்னாலிருந்து, "அண்ணனுக்கு நம்ம மேல எம்புட்டுப் பாசம்" என்று சொல்வது கேட்டது.

தங்கச்சிக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவன் என்னை மதித்துப் பேசியது அதுதான் முதல்முறை.

என்னைத் திருடன் என்கிறவர்களிடம் நான் திருடனில்லை என்று நிறுவுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. எனக்கு இந்த வேலை சரியாகத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உண்மையைச் சொன்னால், சில நேரம் திருடனாகவே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. திருடனுக்குக் கெட்டிக்காரன் என்று ஒரு பேராவது மிஞ்சும். கடைசியில் ஒரு மத்தியானம், ஆபீசில் யாருமில்லாத நேரத்தில், மைக்கை அழுத்திச் சொன்னேன். மாதம் முடிகிறபோது ஒப்பந்தம் அடுத்த மாதத்துக்கு நகரும் என்பதையும், எல்லா மாதத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதையும், நான் இந்த மாதத்தை மட்டும் பார்த்தேன் என்பதையும், மறுநாள் காலையில் தெரிந்தும் குரூப்பில் போடாமல் ஒருவனுக்கு மட்டும் காதில் சொன்னேன் என்பதையும். கடைசியில் சொன்னதைச் சொல்ல அதிக நேரம் எடுத்தது.

முதலாளி கேட்டுவிட்டு, "நம்பர மட்டும் சொல்லுன்னு சொன்னேன்ல" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆர்டர் அடிப்பதில் நான் தப்பு செய்ததில்லை.

மறுநாள் டீச்சரம்மா மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"எங்கன இருக்கு அந்த அடுத்த மாசம்?"

காட்டினேன். ஒரு வரி கீழே. அவ்வளவுதான்.

"இதக் கூட்டிப் பாக்கலையா நீ?"

"இல்ல டீச்சர்."

"நாலு நாளும்?"

"நாலு நாளும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தியில் துடைத்தார். "நீ களவாணித்தனம் பண்ணிட்டேன்னு எல்லாரும் சொன்னாக. அதக் கேட்டு எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா ஒரு நிம்மதியும் இருந்துச்சு தம்பி. ஏமாத்துறவன்ட்ட யாருன்னாலும் ஏமாறலாம். இப்ப நீ பேசுனதக் கேட்ட பெறகு, முப்பது வருசம் கணக்குச் சொல்லிக் குடுத்த நான், ஒரு கூட்டல் தெரியாதவன் பேச்சக் கேட்டு வித்தேன்னு ஆயிருச்சு. இத நான் எங்க போயிச் சொல்ல?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். அது அவரிடம் இன்னும் ஏதோ கேட்பது மாதிரி இருந்தது.

"காலையில எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்" என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"போட்டிருக்கலாம் டீச்சர்."

அப்போது படியில் செருப்புச் சத்தம். தங்கச்சி வீட்டுக்காரன். முந்தின நாள் வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தில் அவன் காய் போயிருந்தது. கையில் ஸ்வீட் பெட்டி. அவன் என் குரூப் பேச்சைக் கேட்கவேயில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன் நான் பேசுவதை எப்போதும் முழுசாகக் கேட்டதில்லை. பெட்டியைத் திறந்து முதலாளி மேஜையில் ஒன்று வைத்தான். என் முன்னால் இரண்டு வைத்தான். பிறகு டீச்சரம்மா பக்கம் நீட்டினான்.

"எடுத்துக்கங்க டீச்சர். எல்லாம் மச்சான் புண்ணியம்."

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரையில் எதுவும் ஓடவில்லை, எண்கள் அசையாமல் நின்றன. பின்னால் டீச்சரம்மாவின் குரல் கேட்டது. வகுப்பில் ஒரு பையனிடம் விடை கேட்பது மாதிரி, மரியாதையாக, கொஞ்சமும் பிசிறில்லாமல்.

"என்ன வெலைக்குப்பா போச்சு?"

அவன் சந்தோஷமாகச் சொன்னான். ஒருமுறைக்கு இரண்டுமுறை சொன்னான். பெட்டிக்குள் காகிதம் சரசரத்தது. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தது.

"நல்லாருக்கு" என்றார்.

படியில் அவர் இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கீழே போய்ச் சேரும் வரைக்கும் நான் திரும்பவில்லை.